சிக்னல் இல்லாத ஊருக்குப் போகும்போது மேலாளரிடம் என்ன சொல்வது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

லீவு கேட்பது ஒரு விஷயம். அந்த நாட்களில் போனில்கூடப் பிடிக்க முடியாது என்று சொல்வது இன்னொரு விஷயம். பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். லீவுக்கு ஒப்புதல் தரும் மேலாளர் "இவர் இந்த நான்கு நாள் வேலை செய்ய மாட்டார்" என்றுதான் எடுத்துக்கொள்கிறார். "இவர் போனையே எடுக்க மாட்டார்" என்று அவர் நினைப்பதில்லை. லீவில் இருப்பவரை ஒரு நிமிஷம் கூப்பிட்டு "அந்த ஃபைல் எங்கே இருக்கு?" என்று கேட்பது பெரும்பாலான அலுவலகங்களில் சகஜம்தான். அந்த ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது என்பதைத் தனியாகச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

சரி, எப்படிச் சொல்வது? நடைமுறையில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, "அங்கே சிக்னல் சரியா இருக்காது, கிடைக்கும்போது பார்க்கிறேன்." இரண்டு, "தினமும் காலையில் இத்தனை மணிக்கு ஒருமுறை பார்ப்பேன்." மூன்று, "இந்தத் தேதிகளில் நான் கிடைக்க மாட்டேன், என் இடத்தில் இன்னார் பார்ப்பார்." கேட்பதற்கு முதலாவது பணிவாக இருக்கிறது, மூன்றாவது கறாராக இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போகும் விளைவை வைத்துப் பார்த்தால் வரிசை அப்படியே தலைகீழாகிறது. பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதுதான் சரி என்பது என் முடிவு. இரண்டாவது சில நிபந்தனைகளோடு மட்டும். முதலாவதைத் தவிர்ப்பது நல்லது.

"கிடைக்கும்போது பார்க்கிறேன்"

இதைச் சொல்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். மேலாளரும் "சரி, போய்ட்டு வாங்க" என்று உடனே சொல்லிவிடுவார். சிக்கல் இரண்டாம் நாள்தான் தெரியும்.

மேலாளர் பக்கத்திலிருந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சந்தேகம் வருகிறது. வாட்ஸ்அப்பில் கேட்கிறார். ஒற்றை டிக் மட்டும் விழுகிறது, அதாவது செய்தி உங்கள் போனுக்கே வந்து சேரவில்லை. "கிடைக்கும்போது பார்க்கிறேன்" என்று நீங்கள் சொல்லியிருப்பதால் அவர் காத்திருக்கிறார். மதியம் கூப்பிட்டுப் பார்க்கிறார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வருகிறது. சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு, வேறு ஒருவரிடம் கேட்கிறார். நீங்கள் கிடைக்கவே மாட்டீர்கள் என்று தெரிந்திருந்தால் பத்தே காலுக்கே அந்த வேறு ஒருவரிடம் கேட்டிருப்பார். ஒரு வேலை நாள் வீணானதற்குக் காரணம் சிக்னல் இல்லாதது அல்ல, சிக்னல் வரக்கூடும் என்ற நம்பிக்கை.

இதைவிடக் கெடுதலான ஒன்று, நீங்கள் நடுவில் ஒருமுறை கிடைத்துவிடுவது. ராத்திரி மொட்டை மாடிக்குப் போகிறீர்கள், இரண்டு கோடு சிக்னல் தெரிகிறது, தேங்கிக் கிடந்த செய்திகள் மொத்தமாக வந்து விழுகின்றன. அதில் ஒன்றுக்கு மட்டும் பதில் போடுகிறீர்கள். அந்த ஒரு பதிலோடு, நீங்கள் கிடைக்கக்கூடியவர் என்று அலுவலகம் முடிவு செய்துவிடும். மறுநாள் கேள்விகள் எல்லாம் உங்களுக்கே வரும். உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சக ஊழியரும், "அவரே பதில் சொல்றாரே, நாம எதுக்கு முடிவெடுக்கணும்" என்று ஒதுங்கிக்கொள்வார். ஆனால் மறுநாள் உங்களுக்குச் சிக்னல் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலவீனமான சிக்னலில் எல்லாம் ஒரே சமயத்தில் வருவதில்லை. சிறிய எழுத்துச் செய்தி வந்துவிடும், அதோடு வந்த படமோ ஃபைலோ சுற்றிக்கொண்டே நிற்கும். வாட்ஸ்அப் புதுப்பித்திருக்கும், மெயில் நேற்றோடு நின்றிருக்கும். "இந்த விலைக்கு ஓகே சொல்லலாமா?" என்ற கேள்வி உங்கள் கண்ணில் படும். விலை மாறிவிட்டது என்று அதற்குப் பிறகு வந்த மெயில் கண்ணில் படாது. பாதித் தகவலை வைத்துக்கொண்டு முழுப் பதில் சொல்லிவிடுவீர்கள். நீங்கள் "ஓகே" என்று அனுப்பியதும் உங்கள் போனிலேயே தங்கிவிட்டு, நீங்கள் தூங்கும்போது எப்போதோ போய்ச் சேரும். அதற்குள் அங்கே வேறு முடிவு எடுத்திருப்பார்கள்.

உங்களை நம்பி எந்த முடிவும் நிற்காத, மற்றவர்கள் தகவலுக்காக மட்டும் உங்களுக்கு எழுதுகிற வேலையாக இருந்தால் முதல் வழியில் பெரிய பாதகம் இல்லை. அப்படிப்பட்ட வேலைகள் குறைவு.

முதலில் ஊரின் சிக்னலைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டாவது வழியா மூன்றாவது வழியா என்று முடிவு செய்வதற்கு முன், "அங்கே சிக்னல் சரியில்லை" என்றால் சரியாக என்ன என்று தெரிய வேண்டும். அந்த ஊரில் இருப்பவர் யாரையாவது கேட்டுவிடுங்கள். எந்த நிறுவனத்தின் சிம் அங்கே எடுக்கிறது? வீட்டுக்குள்ளேயே எடுக்கிறதா, வெளியே வந்தால்தானா? பேச மட்டும் முடிகிறதா, வாட்ஸ்அப்பில் படம் திறக்கிறதா? கரண்ட் போனால் என்ன ஆகிறது? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. செல்போன் கோபுரங்கள் மின்சாரம் போனதும் பேட்டரியில் ஓடும். ஜெனரேட்டர் இல்லாத கோபுரமாக இருந்தால் அது தீரும் வரைதான் சிக்னல். நீண்ட நேர மின்வெட்டு வழக்கமாக உள்ள ஊரில், நேற்று நன்றாக இருந்த சிக்னல் இன்று அடியோடு இல்லாமல் போகலாம்.

திரையில் தெரியும் கோடுகளை அப்படியே நம்ப வேண்டாம். கோடு தெரியும், ஆனால் ஒரே கோபுரத்தை ஊரே பயன்படுத்தும் சாயங்கால நேரத்தில் இன்டர்நெட் நகராது. எண்ணாகப் பார்க்க விரும்பினால் ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போனைப் பற்றிய விவரங்களில், சிம் நிலையைக் காட்டும் இடத்தில், சிக்னல் அளவு dBm என்று இருக்கும். ஐபோனில் `*3001#12345#*` என்று டயல் செய்தால் அந்த விவரத் திரை வரும். எண் எப்போதும் மைனஸில்தான் இருக்கும், பூஜ்யத்தை நோக்கி வரவர நல்லது. 4ஜியில் -90 அளவில் இருந்தால் கவலையில்லை. -110-க்கு அந்தப் பக்கம் போனால் எதையும் நம்பி வாக்குக் கொடுக்க முடியாது. ஊரில் இருப்பவரிடம் காலையிலும் சாயங்காலமும் ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொன்னாலே போதும்.

எஸ்எம்எஸ் தனிக் கதை. அதற்கு இன்டர்நெட் தேவையில்லை, போன் ஒரு கணம் கோபுரத்தைத் தொட்டால் வந்துவிடும். போன் எட்டவில்லை என்றால் நெட்வொர்க்கே அதை வைத்திருந்து பிறகு கொடுக்கும், ஆனால் காலவரையின்றி அல்ல. கெடு தாண்டினால் அது வராமலே போகும். வாட்ஸ்அப் திறக்காத இடத்திலும் எஸ்எம்எஸ் வந்துவிடும் என்பதைக் கீழே பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம்.

"தினமும் ஒருமுறை பார்ப்பேன்"

இந்த வழி மேலாளர்களுக்குப் பிடிக்கும். நான்கு நாள் மொத்தமாகக் காணாமல் போவதைவிட, ஒவ்வொரு நாளும் ஒரு கதவு திறக்கும் என்பது அவர்களுக்கு நிம்மதி. நிஜமாகவே உங்களால் மட்டுமே முடிவு செய்யக்கூடிய ஏதோ ஒன்று அந்த நாட்களில் வரப்போகிறது என்றால் இதுதான் வழி. ஆனால் இது நடக்க வேண்டுமென்றால் இரண்டு விஷயங்கள் கட்டாயம் வேண்டும்.

முதலில் சோதித்துப் பார்த்த இடம் வேண்டும். "மெயின் ரோட்டுக்கு வந்தால் கிடைக்கும்" என்று கேள்விப்பட்டது போதாது. யாராவது அங்கே நின்று, நீங்கள் கொண்டுபோகும் அதே நிறுவனத்தின் சிம்மில் மெயில் திறக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நேரமும் காலையாக இருப்பது மேல். கூட்டம் குறைவாக இருக்கும், அலுவலகம் தொடங்குவதற்கு முன் உங்கள் பதில் போய்ச் சேரும்.

அடுத்தது, அந்த நேரத்தில் நீங்கள் வரவில்லை என்றால் என்ன என்பதற்கு முன்பே ஒரு விதி வேண்டும். "காலை எட்டரை மணிக்குள் என்னிடமிருந்து பதில் வரவில்லை என்றால், இன்று வர மாட்டேன் என்று வைத்துக்கொண்டு இன்னாரே முடிவு செய்துவிடட்டும்." இந்த வாக்கியம் இல்லாமல் இரண்டாவது வழியைச் சொன்னால், முதல் நாள் மழை பெய்து சிக்னல் போனதும் அது முதல் வழியாக மாறிவிடும். எல்லாரும் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

அந்தச் சின்ன நேரத்தில் என்ன செய்ய முடியும் என்பதிலும் தெளிவு வேண்டும். போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பில் விபிஎன் இணைத்து, அலுவலக மென்பொருளுக்குள் போய் வேலை பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பலவீனமான இணைப்பில் விபிஎன் பாதியில் அறுந்துகொண்டே இருக்கும். உள்ளே நுழைவதற்கான ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவதாக இருந்தால், அது தாமதமாக வந்து சேரும்போது காலாவதியாகியிருக்கும். அந்தக் குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தன்டிகேட்டர் ஆப் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, அதற்குப் போனில் நேரம் சரியாக இருந்தாலே போதும், சிக்னல் வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே அதற்கு மாறிக்கொள்ளலாம். ஆனாலும் உள்ளே நுழைந்து வேலை பார்ப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்வதாகச் சொல்லுங்கள்.

அதற்கு ஏற்றபடி கேள்விகளும் வர வேண்டும். அங்கிருப்பவர் நாள் முழுக்கத் துண்டு துண்டாகக் கேட்காமல், சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பட்டும். "1. கூடுதல் ஆள் வைக்கலாமா, ஆம்/இல்லை. 2. டெலிவரி திங்களா, புதனா." நீங்கள் "1 ஆம், 2 புதன்" என்று பதில் போட்டால் முடிந்தது. எஸ்எம்எஸ்ஸை ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு செய்திக்கு 160 எழுத்துக் குறிகள் இடம், தமிழில் அடித்தால் 70 மட்டும்தான், புள்ளியும் கொம்பும் சேர்த்து. அதைத் தாண்டினால் பல துண்டுகளாகப் பிரிந்து போகும். மோசமான சிக்னலில் ஒரு துண்டு வராவிட்டால் முழுச் செய்தியும் தெரியாமல் நிற்கலாம். அதனால் சுருக்கமே இங்கே முக்கியம்.

இந்த வழிக்கு நீங்கள் கொடுக்கும் விலையையும் மறைக்கக் கூடாது. சிக்னல் இருக்கும் இடம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், தினமும் ஒருவர் உங்களை அங்கே கூட்டிப்போக வேண்டும். உடம்பு சரியில்லாத பெரியவரைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள் என்றால் அது முடியாத நாளும் வரும். அதனால்தான் இதை மேலாளருக்குத் தரும் சலுகையாக நினைத்துத் தானாக நீட்டிவிடக் கூடாது என்கிறேன். கட்டாயத் தேவை இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

"கிடைக்க மாட்டேன், இன்னார் பார்ப்பார்"

இந்த வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்வது சுலபம். மேலாளரைச் சம்மதிக்க வைப்பது இரண்டாம் பாதிதான், அதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

மேலாளருக்கு உண்மையில் இருக்கும் கவலை நீங்கள் இல்லாதது அல்ல. அந்த நாட்களில் என்ன வெடிக்கும் என்று தெரியாதது. அதைக் கண்டுபிடித்து அவர் முன் வைத்துவிட்டால் பேச்சு சுருங்கிவிடும். கண்டுபிடிக்க நல்ல இடம் உங்கள் நினைவு அல்ல. போன மாதம் இதே தேதிகளில் நீங்கள் அனுப்பிய மெயில்களைத் திறந்து பாருங்கள். யார் என்ன கேட்டார்கள், எதற்கு நீங்கள் ஒப்புதல் கொடுத்தீர்கள் என்பது அதில் அப்படியே இருக்கும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது உங்கள் வேலை. வியாழன் காலை கிளம்பி, செவ்வாய் இரவு திரும்புகிறீர்கள். நடுவில் சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை. ஆகவே வேலை நாள் நான்கு. பழைய மெயில்களைப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன. வெள்ளிக்கிழமை தோறும் பணம் அனுப்பும் வேலை நடக்கிறது. திங்களன்று வாராந்திர அறிக்கை போகிறது. இவை தவிர, ஒரு சப்ளையருடன் ஒப்பந்தப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஏதாவது கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை வேலையில், புதன்கிழமைக்குள் வந்துவிட்ட பில்களை நீங்களே முடித்துவிடலாம். அதற்குப் பிறகு வருபவை சக ஊழியரிடம் போக வேண்டும். அவரிடம் வாயால் சொன்னால் போதாது, மென்பொருளில் ஒப்புதல் உரிமை அவர் பெயருக்கு மாற வேண்டும். பல அலுவலகங்களில் அந்த மாற்றத்தை ஐடி பிரிவுதான் செய்யும், அது அன்றே நடக்காது. ஆகவே திங்களன்றே கேட்டுவிட்டு, செவ்வாயன்று ஒரு சின்ன பில்லை அவரை வைத்தே ஒப்புதல் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று திரையில் வருமானால் அது நீங்கள் ஊரில் இருக்கும்போதே வரட்டும்.

வாராந்திர அறிக்கையை யாரிடமும் தள்ள வேண்டியதில்லை. மேலாளரிடம் "இந்த ஒரு வாரம் திங்களுக்குப் பதில் புதன் மதியம் கொடுத்தால் போதுமா?" என்று கேளுங்கள். போதும் என்றால் முடிந்தது. போதாது என்றால் அவரே யாரிடம் கொடுக்கலாம் என்று சொல்வார்.

ஒப்பந்த விஷயம்தான் கஷ்டம், ஏனென்றால் என்ன கேட்பார்கள் என்று தெரியாது. இங்கே சக ஊழியருக்கு வேண்டியது வரம்பு. "பணம் செலுத்தும் கெடுவை 30 நாளிலிருந்து 45 நாள் வரை மாற்றக் கேட்டால் நீங்களே சம்மதிக்கலாம். விலையைத் தொட்டால் சாரிடம் போங்கள். வேறு எது கேட்டாலும், புதன் அன்று பதில் சொல்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்." இவ்வளவு எழுதிக் கொடுத்தால் உங்களைத் தேட வேண்டிய காரணம் பெரும்பாலும் இல்லாமல் போகும். இவ்வளவும் செய்த பிறகும், "திங்களன்று நான் இல்லாமல் கையெழுத்து ஆகாது" என்று ஒன்று மிச்சம் இருந்தால் மட்டும், இரண்டாவது வழியைப் பார்க்கலாம். அதற்கும் ஊரின் சிக்னல் இடம் கொடுக்கவில்லை என்றால், கையெழுத்தின் தேதியோ பயணத்தின் தேதியோ மாற வேண்டும். அதை மேலாளரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். சிக்னல் வந்துவிடும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

பேசுவது, பிறகு எழுதுவது

முதலில் பேசுங்கள், அன்றைக்கே எழுதி அனுப்புங்கள். வெறும் மெயில் மட்டும் அனுப்பினால் கறாராக ஒலிக்கும். பேச்சோடு விட்டால் அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. தேதி தெரிந்தவுடன் ஒருமுறை சுருக்கமாகச் சொல்லி வைத்துவிட்டு, மேலே சொன்ன வேலைகளை முடித்த பின் இரண்டாவது முறை விவரமாகச் சொல்வது நல்லது.

பேசும்போது ஒரு பதிலுக்குத் தயாராக இருங்கள். மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "ஒண்ணும் பிரச்சினை இல்லை, போய்ட்டு வாங்க. ஏதாவது அவசரம்னா போன் பண்றேன்." சம்மதம் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் நீங்கள் சொன்னது அவரிடம் போய்ச் சேரவில்லை. அங்கேயே மென்மையாகத் திருத்திவிடுங்கள்: "அங்கே போன் வராது சார். அவசரம்னா யார்கிட்டப் பேசணும்னு எழுதி அனுப்புறேன்." சிலர், "இந்தக் காலத்துல சிக்னல் இல்லாத ஊரா?" என்பார்கள். ஊரின் சிக்னலைப் பற்றி வாதாடத் தேவையில்லை. தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "வீட்டுக்குள்ள எடுக்காது, வெளியே எப்பவாவது பேச முடியும், இன்டர்நெட் வராது. அதை நம்பி உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை." லேப்டாப்பைக் கொண்டுபோங்கள் என்றாலும் இதே பதில்தான்.

எழுத்தில் போக வேண்டியது இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். காலையில் பேசியபடி, வியாழன் காலை முதல் செவ்வாய் இரவு வரை கிராமத்தில் இருப்பேன். அந்த நாட்களில் அழைப்பு, வாட்ஸ்அப், மெயில் எதிலும் நான் கிடைக்க மாட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைப் பணம் அனுப்பும் வேலையைக் கணக்குப் பிரிவில் என் சக ஊழியர் பார்ப்பார், ஒப்புதல் உரிமை மாற்றிச் சோதித்துவிட்டோம். வார அறிக்கை புதன் மதியம் வரும். ஒப்பந்த விஷயத்தில் அவர் எதுவரை முடிவு செய்யலாம் என்று தனியாக எழுதி உங்களுக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன். புதன் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன்."

இதில் இல்லாத ஒரு சொல்லைக் கவனியுங்கள்: "முயற்சி செய்கிறேன்." அந்தச் சொல் வந்தவுடன் முதல் வழி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். மன்னிப்பும் இல்லை. லீவு எடுப்பதும் ஊருக்குப் போவதும் தவறில்லை, வேலையை ஒழுங்காகக் கைமாற்றிவிட்டுப் போகிறீர்கள். மெயிலில் வைக்கும் தானியங்கிப் பதிலிலும் இதே தெளிவு இருக்கட்டும். திரும்பும் நாள், பொறுப்பு பார்ப்பவரின் பெயர், அவ்வளவுதான்.

உண்மையான அவசரத்துக்கு ஒரே ஒரு பாதை

கிடைக்க மாட்டேன் என்று சொன்னாலும், அலுவலகத்தில் தீப்பிடித்தால் என்ன என்ற கேள்வி மேலாளர் மனதில் இருக்கும். அதற்கு ஒரு பாதை விடலாம். ஊரில் வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினரின் எண், அல்லது வீட்டில் லேண்ட்லைன் இருந்தால் அது. அவர்களிடம் அனுமதி கேட்ட பிறகே கொடுங்கள். குழு முழுக்கப் பரப்பாமல், பொறுப்பு பார்ப்பவரிடம் மட்டும் கொடுப்பது நல்லது. அவர் ஒருவர் வழியாகத்தான் எதுவும் வர வேண்டும் என்றால், பாதி விஷயங்கள் அவரிடமே நின்றுவிடும்.

எது அவசரம் என்பதை உதாரணத்தோடு சொல்லுங்கள். பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டது, உங்களிடம் மட்டும் இருக்கும் ஒரு தகவல் இல்லாமல் நிறுத்த முடியாது: இது அவசரம். அறிக்கையில் ஒரு எண் புரியவில்லை: இது புதன்கிழமைக்கு. கொடுத்தது செல்போன் எண் என்றால், கூப்பிடுவதைவிட எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். அழைப்பு அந்தக் கணத்தில் சிக்னல் இருந்தால்தான் வரும், எஸ்எம்எஸ் காத்திருந்து வரும். அப்படியும் பதிலுக்கு அரை நாள் ஆகலாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பாதையை இரண்டாவது வழியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே தினமும் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. இங்கே உங்களைத் தேடி வருவது அவர்கள் பொறுப்பு, நீங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித்தேடியே சார்ஜை இறக்கிவிடும். பெரும்பாலான நேரம் ஏரோப்ளேன் மோடில் வைத்துவிட்டு, நாளில் ஓரிரு முறை வெளியே வந்து எடுத்துவிட்டால் காத்திருந்த எஸ்எம்எஸ் வந்துவிடும்.

திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால்

ஒரு இறப்பு, ஒரு விபத்து என்றால் இதையெல்லாம் செய்ய நேரம் இருக்காது. அப்போது மூன்று வரி போதும்: எதற்காகப் போகிறேன், எந்த நாள் வரை கிடைக்க மாட்டேன், நாளைக்கு முடிய வேண்டிய ஒன்று எது, அது யாரிடம். பஸ்ஸில் ஏறிய பிறகு, நெடுஞ்சாலையில் சிக்னல் இருக்கும்போதே இதை அனுப்பிவிடுங்கள், கிளை ரோட்டில் திரும்பினால் போகாது. அனுப்பியதும் இரட்டை டிக் வருகிறதா என்று பாருங்கள். மெயில் அனுப்பியிருந்தால் அது அவுட்பாக்ஸில் தங்கிவிட்டதா என்று ஒருமுறை பார்ப்பது அவசியம். அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மெயில் போனிலேயே மூன்று நாள் கிடப்பதுண்டு.

கடைசியாகத் திரும்பும் நாள். செவ்வாய் ராத்திரி வருவதாக இருந்தால் புதன் காலை ஒன்பதுக்கே மீட்டிங் ஒத்துக்கொள்ள வேண்டாம். கிராமத்திலிருந்து வரும் பயணம் தள்ளிப்போவது சாதாரணம், தள்ளிப்போனதைச் சொல்லவும் சிக்னல் இருக்காது. ஆகவே கிளம்பும் முன்பே ஒரு ஏற்பாடு வேண்டும். புதன் காலை பத்து மணிக்குள் உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை என்றால், பொறுப்பு பார்ப்பவர் வியாழன் மாலை வரை தொடர்வார், ஒப்புதல் உரிமையும் வியாழன் வரை அவர் பெயரிலேயே இருக்கும். மென்பொருளில் அந்தக் கடைசித் தேதியை செவ்வாய் என்று போடாமல் வியாழன் என்றே போடச் சொல்லுங்கள். நீங்கள் நேரத்தோடு வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது ஒரு நிமிஷ வேலை.